கேலாங்குக்கு எத்தனை எழுத்து? தெரியுமா?

விரல் விட்டு எண்ணுங்கள். கே, லா, ங். மூன்றுதானே? உங்கள் கைபேசியைக் கேட்டால் ஆறு என்னும்! அதே சொல்லைச் சேமித்து வைக்கும் கணினியைக் கேட்டால் பதினெட்டு என்னும்! மூன்று பேர் சொல்வதும் சரி. கேலாங் சிராய் சந்தையில் படம் பிடித்து, ஆசை ஆசையாகத் தமிழில் கேப்ஷன் எழுதினால், அது நாம் நினைத்ததைவிட வெகு முன்பே எல்லையை முட்டி நிற்பதற்கு இந்த மூன்று கணக்குகள்தான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதும் விளங்கிவிடும்!

நம் 247 எழுத்தில் 31 மட்டுமே "ஒன்று" என்று எண்ணப்படுகிறது, தெரியுமா?

யூனிகோடில் உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய உயிர்மெய் 18, ஆக மொத்தம் 31 எழுத்துகளுக்குத்தான் தனித்தனி எண் உண்டு. மீதி 216 எழுத்தும் இரண்டு எண்கள் சேர்ந்து உருவாகின்றன. "கா" என்பது க-வும் துணைக்காலும். "கு" என்பது க-வும் உகரக் குறியும். "க்" கூட க-வும் புள்ளியும்தான்! நமக்குப் புள்ளி வைத்தால் எழுத்து அரை மாத்திரையாகக் குறைகிறது. கணினிக்கோ புள்ளி வைத்தால் கணக்கு இரண்டாகக் கூடுகிறது!

இந்திய மொழிகளுக்காக 1988இல் வகுத்த இஸ்கி என்ற தரத்தின் வழியைப் பின்பற்றி, 1991இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பு தமிழை இப்படி அமைத்தது. பார்வைக்கு ஒரே எழுத்தாக நிற்கும் "ஸ்ரீ" மட்டும் நான்கு எண்களை விழுங்குகிறது. கேலாங் ஈஸ்ட்டில் 1993 முதல் இருக்கும் சிவன் கோயிலின் பெயருக்கு முன்னால் "ஸ்ரீ" போட்டாலும் "திரு" போட்டாலும் கணக்கு ஒன்றுதான், நான்கு!

எல்லா எழுத்துக்கும் ஒற்றை எண் தரும் தமிழ்த் தரமும் ஒன்று இருக்கிறது, தெரியுமா?

அதன் பெயர் டேஸ்-16. உயிர்மெய், மெய் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய இந்தத் தரத்தை, 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டு ஏற்றது. அதில் "கேலாங்" சரியாக மூன்று! ஆனால் சமூக ஊடகங்கள் எல்லாம் ஓடுவது யூனிகோடில். ஒருமுறை ஒதுக்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடு அமைப்பின் கொள்கை. ஆகவே ஆறு ஆறாகவே இருக்கும். நாம்தான் அதற்குள் எழுதக் கற்க வேண்டும்.

இந்தக் கதையில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் இந்த ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியது இங்கேதான். 2000ஆம் ஆண்டு மாநாடும் இங்கேயே கூடியது. உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் அப்போதுதான் பிறந்தது!

எக்ஸ் தளம் ஜப்பானியருக்கு ஒரு படி, நமக்கு ஒரு படி வைத்து அளக்கிறது, தெரியுமா?

2017இல் அந்தத் தளம் (அப்போது ட்விட்டர்) 140 என்ற எல்லையை 280 ஆக்கியது. அதற்கு அது சொன்ன காரணம் சுவையானது. ஆங்கிலப் பதிவுகளில் 9 விழுக்காடு எல்லையை முட்டின. ஜப்பானிய மொழியில் 0.4 விழுக்காடு மட்டுமே முட்டின. ஒரே எழுத்தில் ஒரு சொல்லையே அடக்கிவிடும் மொழிகளுக்குக் கூடுதல் இடம் தேவையில்லை என்று, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணத் தொடங்கினார்கள். தமிழ், ஆங்கிலத்தின் பக்கம் நின்றது. ஒவ்வொரு எண்ணும் ஒன்று.

கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் "க்" என்ற ஒற்றை மெய் இரண்டாகிறதே! கட்டணம் செலுத்தாத கணக்குக்கு 280 இடம் என்றால், தமிழில் அது சுமார் 170 எழுத்துதான் (சொல்லுக்குச் சொல் கொஞ்சம் கூடும், குறையும்). சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டாலும் இரண்டு. "க்" போட்டாலும் இரண்டு!

நம்மைப் போலவே எண்ணும் தளமும் இருக்கிறது, தெரியுமா?

புளூஸ்கையின் எல்லை 300. அங்கே எண்ணப்படுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்து. "கா" ஒன்று, "க்" ஒன்று, "கேலாங்" மூன்று! எக்ஸில் 280, இங்கே 300 என்று பார்த்தால் இருபதுதான் வித்தியாசம் போலத் தோன்றும். தமிழில் எழுதுகிறவருக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம்! ஆகவே ஒரே கேப்ஷனை எல்லாத் தளத்திலும் ஒட்டுகிறவர்கள், எக்ஸுக்குச் சுருக்கியதையே அங்கேயும் ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

மூன்று கணக்கையும் நீங்களே பார்க்கலாம். கணினியில் உலாவியின் கன்சோலைத் திறந்து இதை ஒட்டுங்கள்:

```js
s = "கேலாங்";
[s.length, new TextEncoder().encode(s).length,
 [...new Intl.Segmenter("ta").segment(s)].length]
```

விடை 6, 18, 3 என்று வரும். முதலாவது பெரும்பாலான தளங்கள் எண்ணுவது. இரண்டாவது பைட் கணக்கு. ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட். மூன்றாவது நம் கண் எண்ணுவது.

138இல் வீங்கிய தலைப்பை 90இல் அடக்கி, புதுச் செய்தியும் சேர்க்கலாம், தெரியுமா?

யூடியூப் தலைப்புக்கு எல்லை 100. ரமலான் மாதத்தில் கேலாங் சிராயில் கூடும் சந்தையைப் படம் பிடித்த ஒருவர் இப்படித் தலைப்பு வைக்கிறார் என்று கொள்வோம்:

"சிங்கப்பூர் கேலாங் சிராய் பகுதியில் நோன்புப் பெருநாளை முன்னிட்டு அமைக்கப்பட்டுள்ள சந்தையில் விற்பனை செய்யப்பட்டு வரும் சுவையான உணவு வகைகள்"

கண்ணால் எண்ணினால் 70 எழுத்து, 14 இடைவெளி, ஆக 84. நூறுக்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றும். யூடியூப் எண்ணுவது 138! இப்போது கத்திரியை எடுப்போம்.

முதலில் நடுவில் கிடக்கும் நீளமான கூட்டம். "நோன்புப் பெருநாளை முன்னிட்டு அமைக்கப்பட்டுள்ள சந்தையில்" என்பது 55. "நோன்புப் பெருநாள் சந்தையில்" என்றால் 27. பெருநாள் சந்தை என்றாலே அது பெருநாளை முன்னிட்டு அமைத்ததுதான். 28 மிச்சம், தலைப்பு 110க்கு வந்துவிட்டது.

அடுத்து "விற்பனை செய்யப்பட்டு வரும்". சந்தையில் இருப்பது விற்பனைக்குத்தானே! இடைவெளியோடு 27 போகிறது. 83! எல்லைக்குள் வந்தாயிற்று. ஆனால் இங்கேயே நின்றுவிட வேண்டாம்.

"பகுதியில்" போகட்டும், கேலாங் சிராய் என்பதே பகுதியின் பெயர். 73. "சுவையான" போகட்டும், சுவையா இல்லையா என்பதைக் காணொளி சொல்லும். 65. "உணவு வகைகள்" என்பதை "உணவுகள்" ஆக்கினால் 61. "சந்தையில்" என்பதை "சந்தை" ஆக்கினால் 57.

"சிங்கப்பூர் கேலாங் சிராய் நோன்புப் பெருநாள் சந்தை உணவுகள்"

ஊர், இடம், நேரம், பொருள் நான்கும் அப்படியே இருக்கின்றன. கையில் 43 இடம் மீந்திருக்கிறது! அதில் பார்ப்பவருக்கு உண்மையிலேயே தேவையான செய்தியை வைக்கலாம்:

"சிங்கப்பூர் கேலாங் சிராய் நோன்புப் பெருநாள் சந்தை உணவுகள்: முர்தபா முதல் ராம்லி பர்கர் வரை"

இது 90. "சுவையான" சொல்லாததை "முர்தபா" சொல்லிவிட்டது!

இன்னொரு வியப்பும் கேளுங்கள். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியின் எல்லையும் 70 ஆகச் சரிந்துவிடும். முதலில் எழுதிய 138ஐ அனுப்ப மூன்று செய்தி தேவை, ஏனென்றால் தொடர் செய்தியில் ஒவ்வொன்றிலும் 67தான் அடங்கும். நாம் செதுக்கிய 57 ஒரே செய்தியில் போய்விடும்!

கொழுப்பு பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது, தெரியுமா?

"போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல் 25. "போகிறார்கள்" 11. வழக்கமாகப் போகிறார்களா, இந்த நிமிடம் போகிறார்களா என்ற ஐயம் வந்தால் "இப்போது போகிறார்கள்" என்று எழுதுங்கள், அப்போதும் 19தான்!

"நடைபெறவிருக்கிறது" 17, "நடக்கும்" 8. "விற்பனை செய்யப்படுகிறது" 23, "கிடைக்கும்" 10. "கைது செய்யப்பட்டார்" 19, "கைதானார்" 8. நாளிதழ்களின் தலைப்புகளில் "கைதானார்" ஏன் இத்தனை முறை வருகிறது என்று இப்போது புரிகிறதா? அச்சில் இடம் பார்த்துச் சொல் தேர்ந்த பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது.

செய்யப்பட்டு, உள்ளது, வருகிறது, கொண்டிருக்கிறது ஆகிய இந்த நால்வரையும் தேடிப் பிடித்தாலே பெரும்பாலான கேப்ஷன் எல்லைக்குள் வந்துவிடும். இவற்றில் எல்லாம் புள்ளியும் துணைக்குறியும் நெருக்கமாக இருப்பதால் ஒன்றை நீக்கினால் இரட்டிப்பாக இடம் கிடைக்கிறது.

எண்ணுக்கும் இதே கதைதான். "ஏழு" என்பது 3, "7" என்பது 1. விலை எழுதும்போது "வெள்ளி" 6, "$" 1. "எம்ஆர்டி ரயில் நிலையம்" 22, "ரயில் நிலையம்" 13; சிங்கப்பூரில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். பழைய தமிழில் ஆண்டுக்கு "௵" என்று ஒற்றைக் குறி உண்டு, கணக்கில் 1. ஆனால் இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. படிக்க முடியாத சுருக்கம் சுருக்கமே ஆகாது. "ஆண்டு" என்றே எழுதுங்கள்.

இரண்டு இடம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பொருளையே தொலைக்கலாம், தெரியுமா?

ஒற்றெழுத்துக்கு இரண்டு இடம் போகிறதே, அதைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். தூக்காதீர்கள்! "தந்தப் பலகை" என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. "தந்த பலகை" என்றால் யாரோ கொடுத்த பலகை. நடுவில் இருந்த ஒரே ஒரு "ப்" போனதும் யானையே போய்விட்டது!

சின்னச் சொற்களும் அப்படித்தான். "கடை இரவு 10 மணி வரை" என்பதில் "வரை"யை நீக்கினால் நான்கு இடம் மிஞ்சும். ஆனால் கடை பத்து மணிக்குத் திறக்குமா, மூடுமா? படிப்பவர் பத்தேகாலுக்கு வந்து நிற்பார். மட்டும், வரை, முதல், இல்லை, உம் இவையெல்லாம் உருவத்தில் சிறியவை, பொருளில் தூண்கள்.

பெயர்ச்சொல்லாகச் சுருக்குவதிலும் ஒரு பள்ளம் உண்டு. "சாலை மூடப்பட்டுள்ளது" என்பதைச் "சாலை மூடல்" ஆக்கினால் பத்து இடம் மிச்சம். ஆனால் மூடிவிட்டார்களா, மூடப் போகிறார்களா? காலம் காணாமல் போகிறது. அப்படிச் சுருக்கினால் பக்கத்தில் தேதியைப் போடுங்கள். தேதி எண்ணில் அமையும், இடமும் அதிகம் கேட்காது.

வெட்டிய பிறகு ஒரு சோதனை போதும். அந்த வரியை மட்டும் படித்த ஒருவர் தவறான இடத்துக்கோ, தவறான நேரத்துக்கோ வந்து நிற்க வழி இருக்கிறதா? இருந்தால் வெட்டியதைத் திரும்ப வையுங்கள்.

கண்ணுக்கே தெரியாத எடையும் கேப்ஷனில் இருக்கலாம், தெரியுமா?

"கொழுக்கட்டை" என்பது 11. ஆனால் சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் "கொ"வை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் பிரித்து இடும். அப்போது 12. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இராது! எக்ஸ் இதைத் தானே ஒன்றாக்கி எண்ணிக்கொள்ளும். எல்லாத் தளமும் அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. "கொ"வுக்குப் பின்னால் நின்று அழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலான செயலிகளில், சரியாக இட்டிருந்தால் "க" மிஞ்சும். பிரித்து இட்டிருந்தால் "கெ" மிஞ்சும்.

"கௌரி"யிலும் இதே கோளாறு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று தட்டினால் 4க்குப் பதில் 5 ஆகும். அதைவிடப் பெரிய இழப்பு, "கௌரி" என்று தேடுபவருக்கு உங்கள் பதிவு அகப்படாமலே போகலாம்!

இணைப்பு முகவரியில் தமிழ் இருந்தால் இன்னும் வேடிக்கை. "சிவன்" என்ற மூன்றெழுத்து, முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளாக விரிந்து 45 இடம் பிடிக்கும். எக்ஸ் எந்த இணைப்பையும் 23 என்றே எண்ணுவதால் அங்கே கவலை இல்லை. மற்ற இடங்களில் ஆங்கில எழுத்தில் அமைந்த குறுமுகவரி நல்லது.

எல்லையை மீறிய தமிழ் எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்தவுடனே சொல்லலாம், தெரியுமா?

சில செயலிகள் எச்சரிக்காமலே வாலை நறுக்கிவிடும். கடைசி எழுத்தைப் பாருங்கள். "சிங்கப்பூர்" என்பது "சிங்கப்பூர" என்று புள்ளி இழந்து நின்றால், எண் கணக்கில் வெட்டு விழுந்திருக்கிறது. கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நின்றால், பைட் கணக்கில் வெட்டு. மூன்று பைட் கொண்ட எழுத்து நடுவில் அறுபட்டிருக்கிறது.

பைட் கணக்கு எங்கே வருகிறது என்றால், யூடியூப்பின் காணொளி விளக்கத்தில்! நிரல் வழியாகக் காணொளி ஏற்றுபவர்களுக்கு அது தரும் கையேட்டில், விளக்கத்தின் எல்லை 5,000 பைட் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 5,000 எழுத்து. தமிழில் 1,666 எண்கள்தான். நம் சந்தைத் தலைப்பு போன்ற நடையில் எழுதினால், இடைவெளி போக, சுமார் 900 எழுத்தில் தீர்ந்துவிடும்! இடைவெளி, இலக்கம், ஆங்கில எழுத்து, சிறுகோடு ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால், நேரப் பட்டியலையும் தொலைபேசி எண்ணையும் எழுதத் தயங்க வேண்டாம். நீளமாக விவரிக்கும் பத்தியைத்தான் குறைக்க வேண்டும்.

எல்லைக்குள் இருந்தாலும் முழுதும் கண்ணில் படும் என்று எண்ண வேண்டாம். இன்ஸ்டாகிராம் 2,200 வரை இடம் தரும். ஆனால் ஊட்டத்தில் முதல் ஓரிரு வரியைக் காட்டிவிட்டு மீதியை "மேலும்" என்பதற்குப் பின்னால் மடித்துவிடும். தமிழ் எழுத்து அகலமானது. அந்த ஓரிரு வரியில் சில சொற்களே அடங்கும். ஆகவே "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்காமல், "கேலாங் சிராய்" என்று தொடங்குங்கள். இடமும் பொருளும் முதல் ஐந்து சொல்லுக்குள் வந்துவிட்டால், எந்தத் தளம் எங்கே மடித்தாலும் எங்கே வெட்டினாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்!